யாரோ ஒருத்தர் வாங்கிய ஃப்ரிட்ஜ்

என் அக்கா புருஷனைப் பொறுத்தவரை உலகத்தில் மோசமான பொருள் என்று ஒன்று கிடையாது. அத்தான் டைல்ஸ் ஷோரூமில் விற்பனையாளர். விரிசல் விட்ட டைலைக் காட்டிக் கேட்டால், "அது டிசைன் சார், இதுக்குத்தான் கூட விலை" என்பார். கால் வழுக்குகிறதே என்றால், "பளபளப்பு அப்படி!" என்பார். இருபது வருஷமாக இப்படியே பேசிப் பேசி, வீட்டில் அக்கா உப்பில்லாமல் சமைத்துப் போட்டாலும் "அருமை" என்றுதான் வாயிலிருந்து வரும். அக்காவுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி எரிச்சல்.

நான் அவருக்கு நேரெதிர். வீட்டிலேயே திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறேன். கூடவே ஒரு வீடியோ சேனல் வைத்திருக்கிறேன். தையல் மெஷின், கத்தரிக்கோல், ஊசி, நூல் என்று எதையும் என் காசில் வாங்கி, குறைந்தது ஒரு மாதம் தைத்துப் பார்த்த பிறகுதான் அதைப்பற்றி வாயைத் திறப்பேன். நல்லதென்றால் நல்லது, குப்பை என்றால் குப்பை. பார்க்கிறவர்கள் எண்ணூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதிப் பேர் என்னைப்போல வீட்டில் தைக்கிறவர்கள், மீதிப் பேர் எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கே தெரியாது.

வீடியோவின் கீழே ஓர் ஆன்லைன் கடையின் லிங்க் இருக்கும். அதைத் தொட்டுப் போய் யாராவது வாங்கினால் எனக்குக் கமிஷன். இதை நான் மறைப்பதில்லை. ஒவ்வொரு வீடியோவிலும் முதல் வேலையாக, "இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கொஞ்சம் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது, வேண்டாம்னா வெளியில வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்பது கடையின் விதியும்கூட. அத்தானுக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

"ஏம்மா, எந்த வியாபாரியாவது கஸ்டமர்கிட்ட நிமிர்ந்து நின்னு 'இதுல எனக்குக் காசு வரும்'னு சொல்லுவானா?"

"சொல்லாட்டி ஏமாத்துறது ஆகாதா அத்தான்?"

"அதுக்குப் பேரு ஏமாத்துறது இல்லம்மா, சேல்ஸ்."

கமிஷன் என்றதும் நீங்களும் கண்ணை அகல விரிக்க வேண்டாம். ஒரு வீடியோவை ஐந்நூறு பேர் பார்த்தால் இருபது பேர் லிங்கைத் தொடுவார்கள். அந்த இருபதில் ஒருவர் வாங்கினால் அன்று எனக்கு நல்ல நாள். அவர் வாங்குவதும் தையல் மெஷினாக இருக்காது, மெஷினில் அடிநூல் சுற்றிப் போடுகிற பாபின் ஒரு டப்பாவாக இருக்கும். அதில் நூற்றுக்கு நாலு எனக்கு. அதுவும் உடனே கைக்கு வராது. வாங்கினவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கமிஷனும் திரும்பிப் போய்விடும் என்பதால், எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். முதல் ஆறு மாதம் எனக்குக் கிடைத்ததில் நான் விமர்சனம் செய்த கத்தரிக்கோலையே வாங்கியிருக்க முடியாது. மூன்று வருஷம் விடாமல் செய்த பிறகு, இப்போது மாதா மாதம் வீட்டு இன்டர்நெட் கட்டணம் அதிலிருந்து போகிறது. எனக்கு அது போதும். இன்டர்நெட் இலவசமாக ஓடுவதில் எனக்கு ஒரு தனிக் கர்வமே உண்டு.

வினை என் வாயால் வந்தது. ஆறேழு மாதம் முன்னால் ஒரு நாள் கமிஷன் கணக்கைத் திறந்து பார்த்தால், பாபினுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு ஃப்ரிட்ஜ் உட்கார்ந்திருந்தது. இரட்டைக் கதவு, முந்நூற்று நாற்பது லிட்டர், கத்தரிப்பூ நிறம். நான் ஜென்மத்தில் ஃப்ரிட்ஜைப்பற்றிப் பேசியதில்லை. விஷயம் இதுதான்: லிங்கைத் தொட்ட ஒருவர் ஒரு நாளைக்குள் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் அதற்கும் நமக்குக் கமிஷன் உண்டு. யாரோ என் பாபின் லிங்கைத் தொட்டிருக்கிறார்கள், பாபினை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜை வாங்கியிருக்கிறார்கள். யார் என்று கடை சொல்லாது, பொருளின் பெயர் மட்டும்தான் தெரியும். அந்த ஒரு ஃப்ரிட்ஜின் கமிஷன் நான் இரண்டு மாதம் தொண்டை கிழியப் பேசிச் சம்பாதிப்பதற்குச் சமம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு, "யாரோ ஒருத்தர் ஃப்ரிட்ஜ் வாங்கிட்டாங்கக்கா, ரெண்டு மாசக் கமிஷன் ஒரே நாள்ல!" என்று கத்தினேன். அக்கா அதை அத்தானிடம் சொன்னாள். அன்றைக்கே என் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

அத்தான் கணக்குப் போட்டார். ஒரு ஃப்ரிட்ஜுக்கு இவ்வளவு என்றால், தினம் ஒரு ஃப்ரிட்ஜ் என்று வைத்துக்கொண்டால், முப்பது நாளைக்கு முப்பது ஃப்ரிட்ஜ். அது அவருடைய சம்பளத்தைவிடக் கூட. "தினம் ஃப்ரிட்ஜ் வாங்குறதுக்கு யார் அத்தான் இருக்கா?" என்றேன். "உலகத்துல எத்தனை கோடிப் பேர் இருக்காங்க, தினம் ஒருத்தன் வாங்கமாட்டானா?" என்றார். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் என்று நான் தலைகீழாக நின்று சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, "தன்னடக்கம்" என்றார். மேலும் சொன்னபோது, "பரவாயில்ல, தொழில் ரகசியம், நான் தப்பா நினைக்கல" என்றார்.

அந்த முகம் தெரியாத ஆளுக்கு அவர் பெயரும் வைத்துவிட்டார், 'மகராசன்' என்று. போனில் பேசும்போதெல்லாம், "அந்த மகராசன் குடும்பம் நல்லா இருக்கணும், என் கண்ணைத் திறந்துவிட்டான்" என்பார்.

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"உங்க அத்தான் வேலையை விடப்போறாருடி. திங்கக்கிழமை லெட்டர் குடுக்கப்போறாராம். உன்கூடச் சேந்து வீடியோ போடப்போறாராம்."

"அய்யய்யோ, நீ என்ன சொன்னே?"

"நான் சொல்றதை இந்த வீட்டுல யாரு கேக்குறா? வீட்டு வாடகை, சின்னவளோட காலேஜ் ஃபீஸ், எல்லாம் அவரு சம்பளத்துலதான் ஓடுது. நீ வந்து சொல்லுடி. வேலையை விட்டுட்டாருன்னா நாங்க நடுத்தெருவுலதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். பல மாதமாகப் போகாத வீடு. தையல் வேலை என்னை விட்டால்தானே!

கூடம் கூடமாகவே இல்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு மேஜை போட்டு, அதற்குப் பின்னால் அக்காவின் நல்ல படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார். தலைக்கு மேலே மஞ்சள் பல்பு. மேஜையில் ஒரு டார்ச் லைட், ஒரு குடை, ஒரு இஸ்திரிப் பெட்டி. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. ராஜினாமாக் கடிதம்தான், கேட்கவே வேண்டாம்.

"வாம்மா பார்ட்னர்!" என்றார். "ஒரு டெமோ பாரு." குடையை விரித்தார். ஒரு கம்பி பட்டென்று கழன்று தொங்கியது. அத்தான் அசரவில்லை. "காத்து போறதுக்குன்னே தனியா ஒரு வழி வச்சிருக்காங்க, நேயர்களே!"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடவே பயமாகவும் இருந்தது, மனிதர் நிஜமாகவே இறங்கிவிட்டார்.

"அத்தான், இப்படிச் சொன்னா வாங்குறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. கமிஷனும் போகும், நம்ம பேச்சையும் அப்புறம் யாரும் நம்பமாட்டாங்க. எனக்கு எதுல அதிகமா வித்துச்சு தெரியுமா? கைக்கு அடக்கமா ஒரு குட்டி மெஷின் வந்துச்சே, அதை 'வாங்காதீங்க, நாலு தையல்ல நூல் சிக்கும்'னு சொன்ன வீடியோவுலதான். அதுக்குப் பதிலா என்ன வாங்கலாம்னு கீழ போட்டிருந்தேன். அதை வாங்கினாங்க."

"வாங்காதேன்னு சொல்லி விக்கிறதா? என் சர்வீஸ்ல கேள்விப்பட்டதில்லையே" என்று சொல்லிவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது "அம்மா" என்று ஒரு முனகல். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கி, ஷூ விளிம்பு பதிந்த இடம் பள்ளமாக இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"ஷோரூம்ல சேல்ஸ்மேன் உக்காரக் கூடாதும்மா. நாற்காலியே கிடையாது. காலையில நின்னா கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். இருபது வருஷம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ உக்காந்துகிட்டே பேசுற, காசு வருதுன்னு அக்கா சொன்னாளா... உக்காந்துகிட்டேன்னு கேட்டதும் எனக்கு வேற எதுவும் காதுல விழலம்மா."

இந்த மனிதருக்குக் கோடீசுவரன் ஆகும் ஆசையெல்லாம் இல்லை, உட்கார ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அதற்காகச் சம்பளத்தைத் தூக்கி எறியப் பார்க்கிறார். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையலறைக்குள் போனேன்.

அங்கே அது நின்றுகொண்டிருந்தது. இரட்டைக் கதவு. கத்தரிப்பூ நிறம்.

நான் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியாக உறுமியது. கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். முந்நூற்று நாற்பது லிட்டர்.

"அக்கா," என்றேன் மெல்ல, "இது எப்போ வந்துச்சு?"

"போன மாசம். பழசு செத்துப்போச்சு. சொன்னேனேடி, உங்க அத்தான் தெரிஞ்ச கடையில பேரம் பேசி வாங்கினார்னு."

சொல்லியிருந்தாள்தான். கடைக்குப் போய்ப் பேரம் பேசாமல் அத்தான் ஒரு குண்டூசி வாங்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"அக்கா, என் வீடியோ வந்தா லிங்கைத் தொடுவியா?"

"ஒவ்வொண்ணையும் தொடுவேனே! தங்கச்சிக்கு நாலு காசு வரட்டும்னு தொட்டுட்டு மூடிடுவேன். ஏன், தொட்டா வராதா?"

அக்காவின் போனைக் கையில் எடுத்தேன். கடையைத் திறந்து, வாங்கியவை என்ற இடத்தைத் தொட்டேன். முதலாவதாகவே நின்றது ஃப்ரிட்ஜ். போனோடு கூடத்துக்குப் போனேன்.

"அத்தான், அந்த மகராசனைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு? எங்க இருக்கான்?" அத்தான் எழுந்தே விட்டார், வீங்கிய காலோடு.

"இங்கதான் இருக்கார். படுக்கை விரிப்புக்கு முன்னால நிக்கிறார்."

போனை நீட்டினேன். அத்தான் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பப் போனைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து 'அருமை' வரவில்லை.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "கடையில பேரம் பேசி வாங்கினேன்னு சொன்னீங்க? மேனேஜர் டீ வாங்கிக் குடுத்தார்னு வேற சொன்னீங்க?"

அத்தான் நாற்காலியில் சரிந்தார். "ஆன்லைன்ல விலை கம்மியா இருந்துச்சு. ஷோரூம்ல டைலைத் தொட்டுப் பாத்துட்டு ஆன்லைன்ல வாங்குறவனை எல்லாம் தினம் திட்டுறது நான்தான். நானே ஆன்லைன்ல வாங்கினேன்னு தெரிஞ்சா என் மானம் என்னாகுறது? என் போனைக் கடைப் பசங்க எடுத்து நோண்டுவானுங்க. அதான் உன் போன்ல..."

அதாவது, அக்கா பாசத்தில் லிங்கைத் தொட்டு மூடியிருக்கிறாள். அதே நாள், அதே போனில், அத்தான் திருட்டுத்தனமாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார். அந்தக் கமிஷன் என் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. அந்தக் கமிஷனை நம்பித்தான் அத்தான் வேலையை விடப் போகிறார்.

"அப்போ தினம் ஒரு ஃப்ரிட்ஜ்..." என்று இழுத்தார் அத்தான்.

"தினம் ஒண்ணு நீங்கதான் வாங்கணும் அத்தான்."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் பாதிக் கோபத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துத் திரைக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியைத் தட்டிவிட, படுக்கை விரிப்பு அத்தான் தலையில் விழுந்தது. அதற்குள்ளிருந்தே அவர் கேட்டார், "சரி, அந்த ஃப்ரிட்ஜ் கமிஷனாவது நமக்கு வந்துச்சுல்ல?"

"அதுவும் வராது. நானோ என் சொந்தக்காரங்களோ வாங்குனா கமிஷன் கிடையாதுன்னு விதி இருக்கு. கடைக்கு எழுதிடப்போறேன், இது என் அத்தான் வாங்குனதுன்னு."

விரிப்பை விலக்கி முகத்தை நீட்டினார். "நீ சொல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒருவேளை தெரியாது. தெரிஞ்சா என் கணக்கையே மூடுவாங்க, மூணு வருஷ உழைப்பு போயிடும். அதை விடுங்க. குப்பையைக் குப்பைன்னு சொல்றவள்னுதான் அந்த எண்ணூறு பேர் என்னை நம்புறாங்க. இதுல பொய் சொல்லிட்டு அவங்க முன்னால எந்த மூஞ்சியோட உக்காருவேன்?"

அத்தான் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அக்கா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆனால் அந்தக் கால் என் மனதை விட்டுப் போகவில்லை. கிளம்பும்போது சொன்னேன்: "அத்தான், வேலையை விடாதீங்க. ஆனா வீடியோ போடுங்க. உங்களுக்கு என்ன தெரியுமோ அதைப் பத்தி."

"எனக்கு டைல்ஸ்தான் தெரியும்."

"நிக்கத் தெரியும். இருபது வருஷம் நின்னிருக்கீங்க. ஷூவுக்குள்ள போடுற மெத்தை நாலஞ்சு வகை வருதுல்ல? ஒவ்வொண்ணையும் மூணு வாரம் போட்டுக்கிட்டு ஷோரூம்ல நில்லுங்க. அப்புறம் உண்மையைச் சொல்லுங்க."

"மோசமா இருந்தா?"

"மோசம்னு சொல்லணும்."

அத்தான் அதிர்ந்தது முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் நான்கு ஜோடி வாங்கினார். லிங்கில் வாங்காமல், கடைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கினார். ஒன்றை மாற்றி ஒன்றாகப் போட்டுக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஷோரூமில் நின்றார். அவருக்குச் சொந்தமாகச் சேனலும் கமிஷன் கணக்கும் தொடங்கிக் கொடுத்தேன். வீடியோ எடுக்க நானே போனேன். இந்தத் தடவை திரை இல்லை, குடை இல்லை, நாற்காலியில் உட்கார்ந்த அத்தான் மட்டும்தான்.

முதலில் கமிஷன் விஷயத்தைச் சொன்னார். அந்த வார்த்தை வெளியே வருவதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தார். பிறகு முதல் ஜோடியைக் கையில் எடுத்தார். நான் போனைப் பிடித்தபடி காத்திருந்தேன். பழக்கதோஷத்தில் "இது வந்து அருமை..." என்று தொடங்கினார், நிறுத்தினார், குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இது குப்பைங்க. ரெண்டாவது வாரமே அப்பளமா நசுங்கிடுச்சு. வாங்காதீங்க."

சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இறுகின ஷூவைக் கழற்றிப் போட்டவர் மாதிரி இருந்தது. அடுத்த ஜோடியையும் குப்பை என்றார், கூடுதல் உற்சாகத்தோடு. மூன்றாவது சுமார் என்றார். நான்காவதை, "விலை கூடத்தான். ஆனா சாயங்காலம் காலைக் கீழ வைக்க முடியுது" என்றார். கேமராவை நிறுத்திய பிறகும் வாய் நிற்கவில்லை. டார்ச் லைட்டைக் குப்பை என்றார், இஸ்திரிப் பெட்டியைக் குப்பை என்றார். அன்றைய சமையலைப்பற்றியும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அக்கா கரண்டியோடு வந்து நிறுத்தினாள்.

முதல் மாதம் நூற்றிப் பத்துப் பேர் பார்த்தார்கள். விற்றது ஒன்றுமில்லை. இரண்டாவது மாதம் ஒன்று விற்றது, அதையும் திருப்பிவிட்டார்கள், அளவு சேரவில்லையாம். அத்தான் சலிக்காமல் ஷோரூம் போனார், நின்றார், வந்தார். நான்காவது ஜோடியின் புண்ணியத்தில் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

நேற்று மத்தியானம் அவரிடமிருந்து போன். ஷோரூமிலிருந்து பேசுகிறார், பின்னால் யாரோ டைலைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு வித்திருக்கும்மா. நீ வாங்கினியா?"

"இல்ல அத்தான்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரு எங்க ஷூ போடுறாரு?"

"உங்க அக்காகிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன், போனையும் வாங்கிப் பாத்துட்டேன். சின்னவ இல்லைங்கறா. கடைப் பசங்ககிட்டயும் கேட்டுட்டேன். எவனும் வாங்கலம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்காங்க, படிக்கிறேன் கேளு. 'நானும் நாள் முழுக்க நின்னு வேலை பாக்குறேன். நீங்க முதல் ரெண்டையும் வேண்டாம்னு சொன்னதாலதான் நாலாவதை நம்பி வாங்கினேன்.'"

கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு டீ வாங்கலாம், பாதி குடிக்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"யாரோ ஒருத்தர்மா," என்றார் அத்தான். "நிஜமாவே நமக்குத் தெரியாத ஒருத்தர்."